காலி அறையும் கரண்ட் தின்னும்: குளிர்கிடங்கில் டன்னுக்கு மாத அடக்கம்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் 50 அடிக்கு 30 அடி, 20 அடி உயரத்தில் ஒரு குளிர்பதன அறை வைத்திருக்கிறோம். புளிதான் வருகிறது. கட்டும்போது 250 டன் என்றார்கள். கடன் முடிந்துவிட்டது, இப்போது செலவில் பாதிக்கு மேல் கரண்ட் பில்தான். சில மாதம் நிரம்பி வழிகிறது, சில மாதம் முப்பது டன்தான் கிடக்கிறது. ஒரு டன்னுக்கு மாதம் என்ன அடக்கம் ஆகிறது என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்:

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மீட்டர் சரக்கைப் பார்த்து ஓடுவதில்லை, அறையைப் பார்த்து ஓடுகிறது. அறையில் 230 டன் இருந்தாலும் 60 டன் இருந்தாலும் சுவர் வழியாக வரும் சூடு ஒன்றுதான், காற்றாடி இழுக்கும் கரண்ட் ஒன்றுதான். உள்ளே குளிர்ந்து கிடக்கும் புளி மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. இதைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கணக்கு தானாக வரும்.

உங்கள் அறையையே எடுத்துக்கொள்வோம். 50 × 30 × 20 என்றால் 30,000 கன அடி. டன்னுக்கு 120 கன அடி என்பது குளிர்கிடங்குகளுக்கு வழக்கமாக எடுக்கும் அளவு, அதனால்தான் 250 டன் என்று சொல்லியிருக்கிறார்கள். 100 மில்லிமீட்டர் பஃப் பேனல், உள்ளே 6 டிகிரி, மேலே தகரக் கூரை, வெளியே கூரைச் சூட்டையும் சேர்த்துச் சராசரி 32 டிகிரி என்று வைத்துக்கொள்கிறேன். பில்லில் யூனிட் 8.50 ரூபாய். இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள், முறை மாறாது.

சுவர், மேல்தளம், தரை மூன்றின் வழியாகவும் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 88 யூனிட் அளவுக்கு வெப்பம் உள்ளே வரும். உங்களுடையது போன்ற ஃப்ரியான் மெஷின், கண்டென்சர் காற்றாடியையும் சேர்த்தால், ஒரு யூனிட் கரண்டுக்கு சுமார் 2.3 யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளும். ஆக, சுவருக்காக மட்டும் தினம் 38 யூனிட் கரண்ட். அதிகம் கதவு திறக்காத மாதத்தில், திறக்கும்போது நுழையும் ஈரக்காற்றைக் குளிர்விக்க 7 யூனிட். விளக்குக்கும் ஆள் நடமாட்டத்துக்கும் 6. பனி உருக்கவும் பேனல் போர்டுக்கும் 7.

அடுத்தது காற்றாடி. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கூலரில் உள்ள நான்கு காற்றாடிகளும் சேர்ந்து 1.8 கிலோவாட் இழுக்கின்றன, நாளுக்கு 20 மணி நேரம் ஓடுகின்றன என்றால் 36 யூனிட். அதோடு முடியவில்லை. அறைக்குள் ஓடும் காற்றாடி செலவழிக்கும் கரண்ட் அத்தனையும் அந்த அறைக்குள்ளேயே சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ள கம்ப்ரசர் இன்னொரு 16 யூனிட் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 52 யூனிட், சுவர் கேட்பதைவிட அதிகம்!

எல்லாம் சேர்த்தால் நாளுக்கு 110 யூனிட், மாதம் 3,300 யூனிட், ரூபாயில் 28,050. இதில் எந்த இடத்திலும் 'எத்தனை டன் இருப்பு' என்ற கேள்வியே வரவில்லை, கவனித்தீர்களா?

டன்னைப் பார்த்து வரும் கரண்ட் செலவும் ஒன்று இருக்கிறது. ஆனால் அது இருப்பு டன்னுக்கு அல்ல, வரவு டன்னுக்கு. 32 டிகிரியில் லாரியிலிருந்து இறங்கும் புளியை 6 டிகிரிக்குக் கொண்டுவர டன்னுக்கு 15 யூனிட் வெப்பம் எடுக்க வேண்டும். கரண்டாக அது ஏழு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஏற்றும்போது கதவு திறந்திருப்பதையும் சேர்த்து எட்டு என்று வைத்தால் டன்னுக்கு 70 ரூபாய் சுமார். இது ஒரே ஒரு முறைதான். அந்தப் புளி ஒரு மாதம் இருந்தாலும் ஒன்பது மாதம் இருந்தாலும் அதே 70 ரூபாய். அதனால் இதை மாத வாடகைக்குள் கரைக்காமல், ஏற்றுக்கூலியோடு சேர்த்து 'வரவுக் கட்டணம்' என்று தனியாக வாங்கிவிடுவதே நல்லது. ஒரு மாதத்துக்கு வைத்து எடுப்பவரின் செலவை ஒன்பது மாதம் வைப்பவர் சுமக்க வேண்டியதில்லை.

(உருளைக்கிழங்கு என்றால் கதை வேறு. அது உயிருள்ள சரக்கு, மூச்சு விடும். 5 டிகிரியில்கூட டன்னுக்கு 17 முதல் 20 வாட் வரை சூட்டைக் கக்கும். 250 டன் கிழங்கு இருந்தால் தினம் நூறு யூனிட்டுக்கு மேல் வெப்பம்; உங்கள் சுவர் வழியாக வருவதைவிட அதிகம். அங்கே இருப்பு டன்னுக்கும் பில்லுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டு. புளி, பயறு, வற்றல் போன்ற காய்ந்த சரக்குக்கு அந்தக் கவலை இல்லை.)

சரி, இப்போது மாதச் செலவு. கரண்ட் 28,050. இணைப்புக்கான நிலைக் கட்டணம் 4,500 என்று வைப்போம்; நீங்கள் ஒரு யூனிட்கூட ஓட்டாவிட்டாலும் இது வரும். ஜெனரேட்டர் டீசல் 2,500. மெஷின் பார்க்கும் ஆளுக்கும் காவலுக்கும் உங்கள் பங்கு 20,000, கேஸ், ஆயில், சர்வீஸ் 7,000. கூட்டினால் 62,050, சுமாராக 62,000 ரூபாய். மெஷினும் பேனலும் தேய்வதற்காக நான் எதுவும் போடவில்லை. அதற்கு ஒதுக்கினால் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், விடாமல் சேர்க்கச் சொல்வேன்.

இந்த 62,000-ஐ எதால் வகுப்பது? சண்டை எல்லாம் இந்த இடத்தில்தான். 250-ஆல் வகுத்தால் டன்னுக்கு 248 ரூபாய். அறை வருடம் முழுக்க நிரம்பியிருந்தால் மட்டுமே இது உண்மை. 'எனக்கு 250 ரூபாய்தான் அடக்கம், 300 வாங்குகிறேன், லாபம்தான்' என்று சொல்லிக்கொண்டே வருடக் கடைசியில் கையைப் பிசைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரியான வகு எண் 'டன்-மாதம்'. ஒரு டன் ஒரு மாதம் இருந்தால் ஒரு டன்-மாதம். ஒவ்வொரு மாதமும் சராசரி இருப்பு எவ்வளவு என்று எழுதிக் கூட்டினால் போதும். புளி மாசி, பங்குனி, சித்திரையில் வந்து குவியும். பிறகு விலை பார்த்து மெல்ல மெல்ல வெளியே போகும். உங்களுக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்: மார்ச் 90, ஏப்ரல் 180, மே 235, ஜூன் 240, ஜூலை 230, ஆகஸ்ட் 215, செப்டம்பர் 190, அக்டோபர் 160, நவம்பர் 120, டிசம்பர் 90, ஜனவரி 50, பிப்ரவரி 30. கூட்டினால் 1,830 டன்-மாதம். சராசரி 152 டன் சொச்சம், அதாவது அறை 61 சதவீதம் நிரம்பியிருக்கிறது.

வருடச் செலவு 7,44,000 ரூபாய். அதை 1,830-ஆல் வகுத்தால் ஒரு டன்னுக்கு ஒரு மாதம் 407 ரூபாய். 40 கிலோ மூட்டை என்றால் டன்னுக்கு 25 மூட்டை, மூட்டைக்கு மாதம் 16 ரூபாய் 30 காசு. இதுதான் உங்கள் அடக்கம். லாபம் இதற்கு மேலே.

இங்கே இன்னொரு தவறும் நடக்கும். மாதா மாதம் தனித்தனியாக வகுத்து, அந்தப் பன்னிரண்டு எண்களுக்குச் சராசரி எடுப்பார்கள். ஜூனில் 258 ரூபாய் வரும், பிப்ரவரியில் 2,067 வரும். பன்னிரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 612 ரூபாய் என்று காட்டும். இது பொய்க்கணக்கு. பிப்ரவரியில் இருக்கும் முப்பது டன்னும் ஜூனில் இருக்கும் 240 டன்னும் ஒரே எடையோடு சேர்ந்துவிடுகின்றன. 612 கேட்டால் வியாபாரி அடுத்த கிடங்குக்குப் போய்விடுவார். செலவைத் தனியாக, டன்-மாதத்தைத் தனியாக, வருடம் முழுக்கக் கூட்டிவிட்டு ஒரே ஒரு முறை வகுக்க வேண்டும்.

நிரம்புவது கூடினால் குறைந்தால் என்ன ஆகும்? அதே செலவு, 45 சதவீதம்தான் நிரம்பியது என்றால் டன்னுக்கு 551 ரூபாய். 80 சதவீதம் என்றால் 310. கரண்ட் விலை யூனிட்டுக்கு ஒரு ரூபாய் ஏறினால், 61 சதவீதத்தில் டன்னுக்கு மாதம் 22 ரூபாய் கூடும். 45 சதவீதத்தில் 29 ரூபாய். அதாவது நிரம்பாத அறையில் ஒவ்வொரு கட்டண உயர்வும் அதிகமாகக் குத்தும். வருட ஒப்பந்தம் போடுபவர்களிடம் 'யூனிட் ஒரு ரூபாய் கூடினால் டன்னுக்கு இவ்வளவு கூடும்' என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் யாரும் கேட்பதில்லை, கேட்டால் மறுப்பதும் இல்லை.

ஆயிரக்கணக்கான டன் கிடங்கு வைத்திருப்பவர் வாங்கும் வாடகையோடு இந்த 407-ஐ ஒப்பிட்டு மனம் ஒடிய வேண்டாம். 5,000 டன் கிடங்கு உங்களுடையதைவிட இருபது மடங்கு பெரியது. ஆனால் அதன் சுவர்ப் பரப்பு ஏழரை மடங்குக்குள்தான் இருக்கும். டன்னுக்கு அவருக்கு வரும் சுவர்ச் சூடு உங்களுடையதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிக் கொஞ்சம்தான். ஆள் கூலியும் அப்படித்தான். அந்த விலைக்கு நீங்கள் இறங்கினால் உங்கள் கைக்காசுதான் போகும்.

காலி மாதத்தை என்ன செய்வது என்பதற்கு இரண்டு வழி. ஒன்று, அந்த மாதத்தின் செலவைக் குறைப்பது. மற்றது, அந்த மாதத்துக்குத் தனி விலை வைப்பது.

செலவைக் குறைப்பதில் முதலில் கைவைக்க வேண்டியது காற்றாடி. நிலையான மாதத்தில் உங்கள் கம்ப்ரசர் நாளுக்கு ஆறரை மணி நேரம்தான் ஓடும், அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. காற்றாடி மட்டும் 20 மணி நேரம் ஏன் ஓட வேண்டும்? கம்ப்ரசரோடு சேர்ந்து ஓடி, அது நின்றிருக்கும்போது மணிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் ஓடும்படி டைமர் வைத்தால் பத்து மணி நேரத்தில் முடியும். தினம் 26 யூனிட் மிச்சம், மாதம் 6,600 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். புதுச் சரக்கு சூடாக இறங்கும் வாரங்களில் மட்டும் பழையபடி முழுநேரம் ஓட விடுங்கள், இல்லாவிட்டால் அடுக்கின் நடுமூட்டை குளிராமல் நிற்கும். டைமர் போட்ட பிறகு ஒரு வாரம், கூலருக்கு எதிர்க்கோடியில் மேல் அடுக்கிலும் கீழ் அடுக்கிலும் மூட்டைக்குள் ஒரு தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒன்றரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் நிமிடத்தைக் கூட்ட வேண்டும்.

இரண்டாவது, டீசல். 200 டன் புளி 6 டிகிரியில் கிடக்கிறது என்றால் அதுவே ஒரு பெரிய குளிர்க் கையிருப்பு. நாலு மணி நேரம் கரண்ட் போனாலும், கதவைத் திறக்காமல் இருந்தால், சரக்கின் சராசரி கால் டிகிரிகூட ஏறாது. டிஸ்ப்ளேயில் காற்றின் டிகிரி ஏறுவதைப் பார்த்துப் பதறித்தான் ஜெனரேட்டரைப் போடுகிறோம். சின்ன ஜெனரேட்டரில் ஒரு யூனிட் எடுக்க ஆகும் டீசல், மின்வாரிய யூனிட்டைப் போல மூன்று மடங்குக்கு மேல் விலை. பிப்ரவரியில் முப்பது டன்னோடு இருக்கும்போது கையிருப்பும் குறைவு, அப்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் பொறுக்க வேண்டாம்.

இனி விலை. ஜனவரியில் ஒரு பயறு வியாபாரி வந்து, '60 டன் இருக்கிறது, இரண்டு மாதம் வைக்க வேண்டும், டன்னுக்கு மாதம் 150 ரூபாய்தான் தருவேன்' என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடக்கமே 407, இவருக்கு 150-ஆ என்று திருப்பி அனுப்பத் தோன்றும். ஆனால் அவர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த இரண்டு மாதத்துக்கு 1,24,000 ரூபாய் போகப்போகிறது. அவர் சரக்கால் புதிதாக வருவது 60 டன்னைக் குளிர்விக்கும் செலவு, 4,200 ரூபாய் சுமார். ஏற்று இறக்குக் கூலி அவருடையது. அவர் தருவது 18,000. கிட்டத்தட்ட 14,000 ரூபாய் மிச்சம், வாங்கிப் போடுங்கள். ஆனால் இரண்டு கட்டுப்பாடு வேண்டும். பிப்ரவரி கடைசிக்குள் சரக்கு வெளியேறிவிட வேண்டும் என்று தேதி போட்டு எழுதுங்கள். மார்ச்சில் புளி லாரி வாசலில் நிற்கும்போது இவருடைய மூட்டை இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் அந்தப் 14,000 எங்கே போனது என்றே தெரியாது. அடுத்து, இதைக் 'காலி மாத விலை' என்று பெயர் வைத்தே கொடுங்கள். இல்லாவிட்டால் ஜூன் வாடிக்கையாளரும் அதே விலையைக் கேட்பார். வற்றலோடு மட்டும் வாசனை பிடிக்கும் எதையும் சேர்க்காதீர்கள்.

ஜூன் வாடிக்கையாளருக்கு வேறு மாதிரி. சீசனில் இடம் கேட்பவரிடம் குறைந்தது நாலு மாத வாடகை என்று பேசுங்கள். '100 டன் இடம் எனக்கு ஒதுக்கி வை' என்பவர், சரக்கு வந்தாலும் வராவிட்டாலும் அந்த நூறு டன்னுக்குக் காசு தர வேண்டும். ஏனென்றால் நீங்கள் விற்பது எடையை அல்ல, குளிர்ந்த இடத்தை. இலகுவான சரக்கு வந்தால் இது இன்னும் நன்றாகத் தெரியும். வற்றலை அதே அறையில் அடைத்தால் இடம் நிரம்பிவிடும், தராசில் 250 டன் காட்டாது. அத்தகைய சரக்குக்கு டன்னுக்குப் பதில் பிடிக்கும் கன அடிக்கு வாடகை பேசுங்கள். 407 ரூபாயை 120-ஆல் வகுத்தால் கன அடிக்கு மாதம் 3 ரூபாய் 40 காசு.

நான் போட்ட 110 யூனிட் காகிதக் கணக்குதான். உங்கள் அறையின் உண்மையான எண்ணை நீங்களே பிடிக்கலாம், செலவும் அதிகமில்லை. குளிர் மெஷினுக்கு மட்டும் தனியாக ஒரு சப் மீட்டர் மாட்டுங்கள். தினம் காலை எட்டு மணிக்கு மீட்டர் எண், இருப்பு டன், நேற்று வந்தது எத்தனை டன், கம்ப்ரசர் எத்தனை மணி நேரம் ஓடியது, இந்த நாலையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சரக்கு வராத, போகாத பத்து நாள் கிடைத்தால் அந்தச் சராசரிதான் உங்கள் அடிச்செலவு. வரவு இருந்த நாட்களில் அதற்கு மேல் போனதை, வந்த டன்னால் வகுத்தால் வரவுக் கட்டணம் கிடைத்துவிடும்.

அந்த நோட்டு இன்னொன்றுக்கும் உதவும். எனக்குத் தெரிந்த ஓர் அறையில் இருப்பு 210 டன்னிலிருந்து 90 டன்னுக்கு இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் தினச் செலவு 115-லிருந்து 150 யூனிட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. உரிமையாளர் வெயிலைக் காரணம் சொன்னார், மாதமோ நவம்பர். கம்ப்ரசர் ஏழு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரத்துக்குப் போயிருந்தது. கதவை மூடிவிட்டு உள்ளே விளக்கை அணைத்துப் பார்த்தோம். கீழ் மூலையில் ஒரு கையளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. ஹாண்ட் ட்ராலி இடித்து இடித்து கேஸ்கெட் கிழிந்திருந்தது. அந்த வழியாக நுழைந்த ஈரம் கூலரில் பனியாக ஏறி, பனி காற்றை அடைத்து, கம்ப்ரசர் கூடுதலாக ஓடி, அது ஒரு சங்கிலி. கேஸ்கெட்டை மாற்றி, கூலரை ஒருமுறை முழுக்க உருக்கிக் கழுவிய மூன்றாம் நாள் மீட்டர் 118-க்கு வந்தது. பில் வரும்வரை காத்திருந்தால் இன்னும் ஒரு மாதம் போயிருக்கும். வந்த பிறகும் 'சரக்கு ஜாஸ்தி' என்று நினைத்துக் கட்டியிருப்பார்.

மார்ச் வரவு தொடங்குவதற்கு முன்பே மீட்டரை மாட்டிவிடுங்கள். பிப்ரவரியில் அந்த முப்பது டன்னோடு பத்து நாள் எழுதிப் பாருங்கள். ஜூனில் 240 டன்னோடு மறுபடி பத்து நாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் வெயிலின் வித்தியாசமாகத்தான் இருக்கும்.